மருமகள் மட்டும் பேசவில்லை

5-8-81, புதன்

ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் உழ ஆள் சொல்லியாயிற்று. வரவு செலவு எழுதி முடித்தேன்.

மதியம் தபால். கதை திரும்பி வந்துவிட்டது. ஒரேயடியாக அல்ல! பத்திரிகை ஆசிரியர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்: "கதை நன்று. ஆனால் மாமனார், மருமகள், சிறுமி, மீன்காரி நால்வரும் ஒரே அம்மாள் போலப் பேசுகிறார்கள். பெயர்களை மூடிவிட்டுப் பேச்சை மட்டும் படித்துப் பாருங்கள். திருத்தி வெள்ளிக்கிழமைத் தபாலில் சேர்த்தால் அடுத்த இதழில் வெளியிடலாம்."

என் பெயர் அச்சில். முருகா.

கதை சின்னதுதான். மருமகள் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போட வேண்டும், மாமனார் சம்மதிக்க வேண்டும். காகிதத் துண்டால் பெயர்களை மூடிக்கொண்டு படித்தேன். மீன்காரி: "இறைவன் திருவுளம் அதுவாயின் தடுப்பார் யார், அம்மா?" எட்டு வயதுப் பேத்தி: "தாத்தா, கல்வியின் பயன் பெண்ணுக்கும் உரியதன்றோ?" எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. கோயிலில் பிரசங்கம் கேட்டுக் கேட்டு வந்த வினை. கூடையோடு நிற்கிறவளும் மேடையில் நிற்கிறாள்.

6-8-81, வியாழன்

விடிந்ததும் மீன்காரியில் கை வைத்தேன். "இன்னாம்மே, நீ இன்னா சொல்றே?" என்று பக்கம் முழுக்க எழுதி, பல் துலக்கிக்கொண்டிருந்த இவரிடம் படித்துக் காட்டினேன்.

"இவ எங்கேருந்து வர்றா?"

"மண்டபத்தூருதான்."

"மெட்ராஸ் ரயில்ல வந்து எறங்குனவ மாதிரில்ல இருக்கா! சினிமாக் கொட்டாயிலேருந்து புடிச்சிட்டு வந்தியா?"

உண்மை. அத்தனையும் அடித்தேன். சொல்லை உடைத்துப் போட்டால் ஆள் வந்துவிடாது.

நல்லவேளையாக ஒன்பது மணிக்கு எங்களுக்கு மீன் கொடுக்கும் அஞ்சலை வந்தாள், மண்டபத்தூரிலிருந்தேதான். இன்று மீனைவிட அவள் வாயைத்தான் அதிகம் பார்த்தேன்.

"கெழங்கா மீனு எப்படி அஞ்சலை?"

"எப்படின்னா? கண்ணப் பாரு தாயி. நேத்துக் கண்ணா அது?"

"வெலையச் சொல்லேன்."

"ஒனக்குத் தெரியாத வெலையா? இன்னிக்குத்தான் புதுசா வாங்குறியா?"

போகும்வரை ஒரு கேள்விக்கும் பதில் இல்லை; எல்லாம் திருப்பிக் கேள்வி. இதுதான் அவள் குரல். உச்சரிப்பு அப்புறம்.

கணக்கு நோட்டுப்போல் ஒரு தாளில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தேன்.

மீன்காரி: கேட்டால் திரும்பக் கேட்பாள். தாயி. மீனோ, பிள்ளையோ, வேலையோ, எல்லாவற்றையும் கண்ணைப் பார்த்து எடைபோடுகிறவள்.

மாமனார்: வாக்கியம் முடியாது. துண்டு துண்டாக உத்தரவு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், எழுத்தராக இருந்தவர். எதற்கும் மேரியை இழுப்பார். (எங்கள் மாமா, இவருடைய அப்பா, அப்படித்தான். பார்த்துதான் எழுத வேண்டும்.)

சிறுமி: அப்புறம், அப்புறம் என்று ஒரே மூச்சு. பாதியில் வேறு பேச்சு. எங்கள் மகள் செல்வியேதான்.

மருமகள்: காலியாக விட்டிருக்கிறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் சேதியையே மூன்று வாயில் போட்டுப் பார்த்தேன்.

சிறுமி: "தாத்தா, பால்வாடிக்கு ஆளு எடுக்குறாங்களாம், அப்புறம் அங்க ஊஞ்சலு இருக்காம், அப்புறம் மத்தியானம் முட்ட உண்டாம், எனக்கு முட்ட வேணாம்."

மீன்காரி: "படிச்ச பொண்ணு அடுப்பு ஊதவா படிச்சிச்சி? நான் கேக்கலாமா, கேக்கக்கூடாதா?"

மாமனார்: "மனுவா. யாரு எழுதுனது. மார்ஜின் விடல. மேரில இதத் தொடவே மாட்டான்."

சோற்றை மறந்துவிட்டேன். லேசாகத் தீய்ந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, பிள்ளையார் புண்ணியம்.

சாயங்காலம் பரீட்சை. செல்வி பெயரை மூடிப் படிக்க, இவர் சொல்ல வேண்டும். "மீன்காரி. கெழவன். கெழவன். சின்னக்குட்டி. மீன்காரி." தப்பே இல்லை. நான் ஆகாயத்தில். அப்புறம் செல்வி படித்தாள்: "மாமா, நான் வேலைக்குச் செல்ல விரும்புகிறேன். என் படிப்பு வீணாகக் கூடாது."

இவர் முழித்தார். "இது யாரு? ரேடியோவுல செய்தி வாசிக்கிற அம்மாவா?"

"மருமவ!" என்றேன்.

"இந்த வீட்டுக்கா வந்தா? பாவம்."

'செல்ல விரும்புகிறேன்' என்பதை 'போகப் போறேன்' ஆக்கினேன். அப்போதும் செய்திதான், கொஞ்சம் கொச்சையாக. மூன்று பேர் வந்துவிட்டார்கள். என்னைப் போன்றவளைத்தான் எனக்கு எழுதத் தெரியவில்லை.

7-8-81, வெள்ளி

ஆடி வெள்ளி. தலை முழுகி, விளக்கேற்றி, மாவிளக்கு. செல்வி கூழ் வாங்க மாரியம்மன் கோயிலுக்கு ஓடிவிட்டாள்.

வடகம் காயவைக்க வேண்டும். வெயில் விழும் இடத்தில் மாமாவின் நாற்காலி. நான் சொன்னேன்: "செல்வி, வெயிலு அந்தப் பக்கம் இருக்கு, நாற்காலி கொஞ்சம் நவுந்தா தேவலன்னு தாத்தாகிட்ட சொல்லு."

செல்வி வீட்டிலேயே இல்லை! மாமா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, கூரைமேல் இருந்த காக்காயிடம் சொன்னார்: "வடவத்துல வாய வச்சே, பாத்துக்க."

வடகத் தட்டோடு அப்படியே நின்றேன். கல்யாணமாகி வந்த நாளாக நான் மாமாவிடம் நேருக்கு நேர் பேசியதே இல்லை. எல்லாம் பிள்ளையிடம், மாட்டிடம், பானையிடம். அவரும் அப்படியே. ஒரு சண்டை கிடையாது, ஒரு சேதி தவறியது கிடையாது. கதையில் மட்டும் மருமகளை எதிரே நிறுத்திச் சொற்பொழிவு செய்ய வைத்திருக்கிறேன்.

வடகம் பிழிவதை விட்டு உள்ளே ஓடி எழுதினேன்.

மருமகள்: "பாப்பா, பால்வாடிக்கு ஆளு எடுக்குறாங்களாம். பத்தாவது பாஸ் பண்ணவங்க நம்ம தெருவுல யாராச்சும் இருக்காங்களான்னு தாத்தாவக் கேளேன்."

வந்துவிட்டாள்! பணிவும் இருக்கிறது, குறும்பும் இருக்கிறது. குழந்தைக்கும் நடுவில் வேலை வந்துவிட்டது. சேதியைப் பாதி மறந்து ஊஞ்சலைச் சேர்த்துச் சொல்கிறது. பேனா நிற்கவில்லை. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி.

அடுப்பைப் பார்க்கப் போனேன். அதற்குள் கூழோடு திரும்பி வந்த செல்வி கூடத்தில் பக்கங்களை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். எதிரே மாமா.

"மேரில இதத் தொடவே மாட்டான்" என்ற இடம் வந்தது. கேலி செய்தேன் என்று அவர் நினைத்தால் கதை இந்த வீட்டைத் தாண்டாது. அவர் மனம் நோக அனுப்ப என்னாலும் முடியாது.

விசிறிச் சத்தம் நின்றது.

"இந்தக் கெழவன் யாரு வீட்டு ஆளு? எடுத்ததுக்கெல்லாம் மேரி மேரிங்கறான்."

செல்வி தரையில் விழுந்து சிரித்தாள். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு கதவின் பின்னால்.

"கேளு உங்கம்மாவ. கடைசில இவன் சரிங்கறானா இல்லியா? காகிதம் முடிஞ்சிபோச்சே."

பழைய முடிவில் மாமனார், "சென்று வா மகளே, என் ஆசிகள்" என்பார். இந்த வாயில் அது எப்படி வரும்? உள்ளிருந்தே சொன்னேன்: "செல்வி, சரிங்கிற வார்த்த அவரு வாயில வராதுன்னு சொல்லு. 'மனுவோட போட்டோ ரெண்டு கேப்பான், எடுத்து வைக்கச் சொல்லு'ம்பாரு. அதான் சரி."

விசிறிச் சத்தம் மறுபடி கேட்டது.

"ரெண்டு இல்ல," என்றார் மாமா. "மூணு."

மூணு என்று எழுதி முடித்தேன். உறை ஒட்டப் பசை தேடுகிறேன். வாசலில் மாமா குடையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்: "செல்வி, தபாலாபீசுக்கு ஏதாச்சும் கொடுத்து வுடணுமான்னு கேளு."