படத்துக்குக் கீழே இரண்டு வரி

மார்ச் 3
காலையில் தம்பி ஒரு படம் அனுப்பினான். எங்கள் வீடு. எதிர்ச்சாரியில் நின்று எடுத்திருக்கிறான். இரும்புக் கதவு, மாடிப்படி, அப்பா பாதியில் விட்ட பச்சைப் பெயின்ட். நாளை இடிக்கப்போகிறார்கள்.

"குடும்பக் குரூப்ல போடணும். பேப்பர்ல படத்துக்குக் கீழ எழுதுறவ நீதானே? உருக்கமா ரெண்டு வரி தட்டிவிடு" என்றான். தட்டிவிடணுமாம்! கொசுவா இது?

மார்ச் 4
இடித்துவிட்டார்கள். தம்பி போகவில்லை. நானும் போகவில்லை. அக்காவிடம் சொன்னேன். என் வீட்டுப் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபின் வீட்டை விற்றதிலிருந்து அது அவள் அறை. "ம்" என்றாள். மடிப்பு கலையவில்லை.

மார்ச் 6
அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இருபது படக்குறிப்பு எழுதுகிறவள் நான். படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லக் கூடாது. யார், எங்கே, எப்போது என்பது விடுபடக் கூடாது. அழுவதை வாசகரிடம் விட்டுவிட வேண்டும். எல்லாம் தெரியும். ஆனாலும் முதலில் வந்தது 'காலத்தால் அழியாத நினைவுகள்'. சீ. அழித்தேன்.

அடுத்து 'எங்கள் வீடு நிற்கிறது' என்று எழுதினேன். படத்தில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் நிற்கவில்லையே. 'நின்றது' என்று மாற்றினால் செய்தி மாதிரி இருக்கிறது. கடைசியில் இப்படி முடித்தேன்:

'நாங்கள் மூவரும் ஓடி விளையாடிய சிறுவயது வீடு. இடிபடுவதற்கு முந்தைய நாள். போய் வா.'

படத்தில் சுவரில் இருந்த கதவு எண்ணை மட்டும், அலுவலகப் பழக்கத்தில், வெட்டிவிட்டுக் குரூப்பில் போட்டேன்.

மார்ச் 7
ஒரே அழுமூஞ்சிப் பொம்மைகள். அத்தை குரல்பதிவிலேயே அழுது அனுப்பியிருந்தார். சித்தப்பா மகன், "மாடிப்படியில நீ உருண்டியே, அதையும் எழுதியிருக்கலாம்" என்றான். தம்பி, "கலக்கிட்ட!"

அக்கா பார்த்திருக்கிறாள். ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 8
அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "சிறுவயசு வீடா?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் அது சிறுவயசு வீடு. நான் போன மாசம் வரைக்கும் அங்கதான்டி இருந்தேன்."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "விக்கிறப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டீங்களா? இங்க கையெழுத்துப் போடுன்னு விரலை வச்சுக் காட்டினீங்க. போட்டேன்."

ஐயோ. ஆமா, கேக்கல. நானும் கேக்கல, அவனும் கேக்கல. அப்பாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ராத்திரி பகல்னு பாத்தது அவ. 'நாங்கள் மூவரும்'னு எவ்வளவு சுலபமா எழுதிட்டேன்.

மார்ச் 9
எழுதியதை நீக்கினேன். தம்பி: "ஏன் எடுத்த? நல்லாத்தானே இருந்துச்சு?"

மார்ச் 12
"நீயே சொல்லேன்க்கா, நான் அப்படியே எழுதுறேன்" என்றேன்.

"எனக்கு எழுத்தெல்லாம் வராது."

"எழுத வேணாம். சொல்லு."

படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேசினாள். கடைசி நாள் அறை அறையாகப் பெருக்கினாளாம். ஜன்னல்களைச் சாத்தி, கேஸை மூடி, பூட்டி, சாவியை வாங்கினவரின் ஆளிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். "சாவி எதுக்குக்கா? கதவையே கழட்டப் போறோம்" என்று சிரித்தானாம். இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

தட்டச்சு செய்து காட்டினேன்.

"பெருக்கிட்டுன்னு போட்டியா?"

"போட்டேன்."

"நாங்கன்னு போடாத. நான்னு போடு."

அவள் பேரிலேயே, அவள் போனிலிருந்தே படம் போனது:

'நான் இருந்த வீடு. அப்பா இங்கேதான் இறந்தார். கடைசியாகப் பெருக்கிப் பூட்டியது நான். சாவியை யாரும் கேட்கவில்லை.'

ஒரு பெயரடைகூட இல்லை. நான் இதுவரை எழுதியதில் இதுதான் ஒழுங்கானது. எழுதியதும் நானில்லை.

மார்ச் 13
குரூப்பில் ஒருவரும் பொம்மை போடவில்லை. மத்தியானம் தம்பி கூப்பிட்டு, "அக்காட்ட குடு" என்றான். அவன் அழுவது எனக்கே கேட்டது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லவில்லை.

"வண்டி ஓட்டிட்டிருக்கியா? ஓரமா நிறுத்து முதல்ல" என்றாள்.

மார்ச் 30
வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள். தனியாக. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. "இங்கயே இரேன்க்கா" என்றேன்.

"எத்தனை நாளைக்குடி விருந்தாளியாவே இருக்கிறது?"

ஏப்ரல் 21
முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனேன். இங்கே இருந்தவரை, யார் வந்து கதவைத் தட்டினாலும் அவள் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள். நான் அதைக் கவனித்திருக்கிறேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நான் தட்டினேன்.

"யாரது?"

உள்ளிருந்து அதட்டல். அப்பா இருந்த காலத்தில் பழைய வீட்டு வாசலில் கேட்ட அதே அக்கா குரல்.

"நான்தான்க்கா" என்றேன். மெதுவாகச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொன்னேன்.