தெற்குத் தெருக் குழாய்க்கு நன்றி

பங்குனி 4, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. விடைத்தாள் பாக்கி. மை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மாலை தெற்குத் தெருக் கோவிந்தன் வந்தான். பண்ணைக் கூலி. கையெழுத்து மட்டும் போடுவான், படிக்கத் தெரியாது. அந்தத் தெருவின் ஒரே பொதுக்குழாயில் தை மாதத்திலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை. கூலி உயர்த்தக் கேட்டுத் தெருக்காரர்கள் கொடி நட்டார்களாம், மறுவாரமே தண்ணீர் நின்றுவிட்டது. வாய்க்காலும் காய்ந்தாயிற்று. இப்போது குட்டைத் தண்ணீர்தான். பத்திரிகைக்கு எழுதித் தர வேண்டுமாம். ஒன்றியப் பள்ளி ஆசிரியன் நான், என் பெயரில் எழுத முடியுமா? அவன் பெயரிலேயே எழுதுவதாக ஏற்பாடு.

"எங்க தெருவுக்குத் தண்ணி தொறக்குற வால்வ தலைவர் தோப்புக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க சார். அத மறக்காம எழுதிடுங்க."

தலைவர் என்றால் பஞ்சாயத்துத் தலைவர். இவன் வேலை செய்யும் பண்ணையும் அவருடையதுதான்.

பங்குனி 5, வெள்ளி

கடிதம் முடிந்தது. தாளின் ஒரு பக்கம் மட்டும், இடப்புறம் ஓரம் விட்டு, முழு முகவரியுடன். நகல் இங்கே:

"ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் ஊர் தெற்குத் தெருவிலுள்ள பொதுக் குடிநீர்க் குழாய் நெடுநாளாகப் பராமரிப்பின்றிக் கிடக்கிறது. குழாயின் திருகு தேய்ந்துள்ளது. மேடை உடைந்து, சுற்றிலும் முட்செடி மண்டியுள்ளது. தெருவினர் குட்டை நீரைப் பருக நேர்கிறது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் நேரில் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

வால்வைச் சேர்க்கவில்லை. ஒருவர் மேல் குற்றம் சாட்டினால் பத்திரிகைக்காரன் குப்பையில் போடுவான். புகாருக்கும் ஒரு நயம் வேண்டும். 'பருக' என்ற சொல் நன்றாக அமைந்துவிட்டது.

பங்குனி 12, வெள்ளி

அச்சில் வந்துவிட்டது! 'பணிவுடன்' என்பதை வெட்டிவிட்டார்கள், மடையர்கள். மற்றபடி என் எழுத்துத்தான். மூன்று முறை படித்தேன்.

கோவிந்தன் மகள் செல்வி இன்றும் வகுப்புக்கு வரவில்லை. வாந்தி, பேதியாம். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டாமல் படிப்பவள் அவள் ஒருத்திதான்.

பங்குனி 17, புதன்

கலெக்டர் ஆபீஸ் அந்தக் கடிதத்தைக் கத்தரித்துத் தாளில் ஒட்டி, நடவடிக்கை எடுத்து அறிக்கை தருக என்று ஒன்றியத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஜீப்பில் ஓவர்சியர், இரண்டு ஆட்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக டிக் அடித்தார். புதுப் பித்தளைக் குழாய். சிமெண்ட் மேடை. முட்செடி வெட்டியாயிற்று. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

கோவிந்தன் தோப்பைக் காட்டிக் கெஞ்சினான்.

"அது கடிதத்துல இல்லியேப்பா" என்றார் ஓவர்சியர்.

வெயில் குறையவில்லை. எனக்குத் தலைவலி.

பங்குனி 18, வியாழன்

தலைவர் ஆளனுப்பினார். காபி கொடுத்தார், நல்ல டிகிரி காபி. கோவிந்தனுக்குப் 'பருக' எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சிரித்தார்.

"வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் காலியா இருக்காம். உப்புக்காத்து. உங்க சம்சாரத்துக்கு இழுப்புன்னு சொன்னாங்களே சார்."

குறை தீர்ந்ததென்று அதே பெயரில் ஒரு நன்றிக் கடிதம் வர வேண்டுமாம். அது வந்தால் ஒன்றியத்தில் ஃபைலை மூடிவிடுவார்கள்.

பங்குனி 19, வெள்ளி

எழுதினேன். இரண்டாவது வரி சரியாக வரவில்லை, நான்கு தரம் மாற்றினேன். இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்லை.

கோவிந்தன் கண் உள்ளே போயிருந்தது. செல்விக்குக் கஞ்சியும் தங்கவில்லையாம். குழாய் விஷயமாக இன்னொரு கடிதம் என்றேன்.

"வால்வ எழுதிட்டீங்களா சார்?"

எழுதியாச்சு என்றேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

பங்குனி 24, புதன்

செல்வி விடியற்காலையில் போய்விட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

சமையலுக்குப் புளி இல்லை. கடை மூடியிருந்தது.

பங்குனி 27, சனி

நன்றிக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு சொல்கூட வெட்டவில்லை. "உடனடி நடவடிக்கையால் எங்கள் தெருவினர் இன்று தூய நீர் பருகி மகிழ்கிறோம்."

பத்து மணிக்குக் கோவிந்தன். தலை மொட்டை. டீக்கடையில் வாங்கிய பத்திரிகையை மடித்துக் கொண்டுவந்திருந்தான். அவன் பெயரை மட்டும் அடையாளம் கண்டுபிடித்திருக்கிறான்.

"அவ இருந்தா படிச்சுக் காட்டியிருப்பா. நீங்க படிங்க சார்."

படித்தேன். தோப்பு, வால்வு, பூட்டு, எல்லாம் இருப்பது போல. நாக்கு எங்கும் தடுக்கவில்லை. நல்ல தமிழில்தான் படித்தேன். அவன் கைகட்டிக் கேட்டான்.

இதை ஓவர்சியரிடம் காட்டினால் வால்வைத் திறந்துவிடுவாரா என்று கேட்டான்.

காட்டு என்றேன். ஒன்றிய ஆபீசுக்கு நடந்து போயிருக்கிறான்.