லண்டனில் படிக்காதவனுக்கு

மச்சான்,

விரலில் ஒட்டிய எனாமல் பெயிண்டு, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகமாட்டேன் என்கிறது. அந்த வாடை ஏறும்போதெல்லாம், திருவிடந்தைக் கரையில் நாம் படகுக்குப் பேர் எழுதி முடித்ததும் நீ சட்டையிலேயே கை துடைப்பது கண்ணுக்குள் வருகிறது. திட்டத்தான் இப்போது நீ இல்லை.

நீ கண்ணை மூடியபின் உன் ஓவியங்களுக்கு மாமல்லபுரத்தில் கண்காட்சி வைத்தார்கள். வாசல் சுவரில் உன்னைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டுமாம். பிறந்த ஊர், கற்ற இடம், எதை வரைந்தாய், எங்கெங்கே காட்சி வைத்தாய். "நின்னுக்கிட்டே ஒரு நிமிஷத்துல படிக்கணும் சார். புகழ்ச்சி வேணாம்" என்றாள் காட்சி அமைக்கும் பெண், போனில்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க படிச்சாரு?" என்று கேட்டாள். "அவனா? லண்டன்ல பெரிய காலேஜும்மா!" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், எழுதிக்கொண்டாள். சரிபார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அஞ்சாங்கிளாஸ்காரன், முழுதாகப் படிக்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

திறப்பன்று மதியம் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். வலை இழுக்கும் கைகளை வரைந்தவர். சரி. செங்கல்பட்டில் குழுக் காட்சி, கூடுவாஞ்சேரியில் தனிக் காட்சி. சரி. நடுவில், 'லண்டனில் ஓவியம் பயின்றவர்.'

செங்கல்பட்டுக் காட்சிக்கு நீ படிவம் நிரப்பியது நினைவிருக்கா? "படகுல கத்துக்கினோம்னு எழுதுனா சிரிப்பாங்களாடா?" என்று கேட்டாய். நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ 'கற்ற இடம்' கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாய். இப்போது அதே இடத்தில் என் பொய். அஞ்சு மணிக்கு உன் பெண்டாட்டியும் குப்பத்து ஜனமும் வரப்போகிறார்கள். காட்சி அமைக்கும் பெண்ணிடம் ஓடி, அந்த வரியை மாற்றச் சொன்னேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க? ஸ்டிக்கர் எழுத்து சென்னையில வெட்டணும். நாளைக்குத்தான் வரும்."

"காலுல வேணா வுழறேம்மா. அவன் பொய்க்காரனா நிக்கக் கூடாது."

அவள் அந்த வரியை நகத்தால் உரித்தாள். சுவரின் வெள்ளையும் கூடவே பெயர்ந்து வந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்க்க முடியவில்லை. "நானே எழுதிடறேன்" என்றேன்.

"மத்த எழுத்தோட ஒத்துப்போகாதே சார்?"

"நான் ஆடுற படகுலயே எழுதுனவன்மா."

காட்சியில் வைக்கக் கொண்டுவந்த உன் தூரிகையும் எனாமல் டப்பாவும் பையில் இருந்தன. எழுதினேன்: 'திருவிடந்தைக் கரையில் படகுகளுக்குப் பெயர் எழுதி, ஓவியம் கற்றவர்.'

உன் பெண்டாட்டி தொட்டுப் பார்த்தாள். "ஈரமா கீதுண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

கதவு சாத்தும்வரை அந்தச் சுவரோரமே நின்று, படிக்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை மச்சான். சிரித்தவன் நான் ஒருத்தன்தான். இந்த விரலை இன்னும் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.