ஸ்டெல்லா அப்பாவுக்கு ஒரு கைப்பிடி மண்

செவ்வாய், இரவு

ஆபீசில் என் பக்கத்து மேசை ஸ்டெல்லாவின் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறிவிட்டார். நேரில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும். அதனால் ஒரு கடிதம் எழுதி, இன்று சாயங்காலம் ஈசூனில் அவள் வீடு இருக்கிற அடுக்குமாடி புளோக்குக் கீழே ஜெபம் முடிந்ததும் கையில் கொடுத்தேன்.

"உன் அப்பா என்னையும் மகளே என்றுதான் கூப்பிடுவார். உன் கூடவே இருக்க ஆசை. உங்கள் முறை எனக்குத் தெரியாது, தப்பாக எடுத்துக்காதே. மாலை கொண்டுவரலாமா? பொட்டோடு வரலாமா? எங்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் கல்லறைக்கு வரலாமா?"

அங்கேயே நின்று படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொட்டோடயே வா லா. மாலையும் போடலாம். பாஸ்டர் ஜெபம் பண்ணி, பெட்டியைக் குழியில இறக்குனதும், ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போடுவோம். நீயும் போடணும். நீயும் மகதானே?"

என் அப்பாவை மண்டாய் சுடுகாட்டுக்கு எரிக்கக் கொண்டுபோனபோது பெரியப்பா என்னைப் புளோக் வாசலிலேயே நிறுத்திவிட்டார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நாளைக் காலை சுவா சூ காங் கல்லறை. ஆளுக்கு ஒரு கைப்பிடிதானாம். நான் இரண்டு போட்டால் ஸ்டெல்லா ஏன் என்று கேட்கமாட்டாள்.