கடுக்காய் நீரும் எழுதாத ஏடும்

வானம் பிழையாது பொழிக; வரப்பு உயர்ந்து நெல் பொலிக. வெண்குறிஞ்சி நாடாளும் பெருங்கிள்ளி மாதேவியாரின் திருவாய்மொழி கேட்டு, அமைச்சன் ஆதன் பெருநம்பி, அலைவாய்த் துறைநாட்டுத் தலைவர் மாறன் சேந்தனாருக்கு எழுதிய ஓலை. தங்கள் துறையில் கலமும் மனையில் நலமும் பெருகுக.

இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் முன் நிற்பவள் நம் அரண்மனை எழுத்தர் வேண்மாள். ஓலையின் செய்தியும் அவளைப் பற்றியதே.

சென்ற ஆனியில் கோட்டைக் குடிநீர்த் தொட்டி கசியத் தொடங்கிற்று. அதைக் கட்டியோர் ஒன்றும் எழுதி வைத்தாரில்லை. அவர்தம் அறிவு வாயிலும் கையிலுமே வழிவழி வந்தது. ஆகவே தலைக்கொத்தர் அறிந்தவை அனைத்தையும் கேட்டு எழுதுமாறு மாதேவியார் வேண்மாளைப் பணித்தார். சுண்ணாம்பும் மணலும் சேர்த்துக் காரை இடிக்கையில் ஊற்றும் கடுக்காய் நீரை, பனைவெல்லம் இட்டு எத்தனை நாள் ஊறவைப்பது என்று கேட்டாள். ஒருவர் எட்டு என்றார்; ஒருவர் பத்து என்றார்; மூன்றாமவர், பழுக்கும் வரை என்றார். ஏடு தெளிவாயிருக்க வேண்டுமென்று அவள் பத்து என்றே எழுதினாள். மார்கழியில் அவ்வேட்டின்படி பூசிப் பார்த்த சுவர், ஏழே நாளில் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.

நாற்பதாண்டு காரை இடித்த உலகம்மையை அதுவரை எவரும் கேட்கவில்லை. அவள் சொன்னதை வேண்மாள் சொன்னபடியே எழுதியிருக்கிறாள்: "நீங்க நாளை எண்ணுறீங்க தாயே. குளிருல கடுக்கா மெதுவாத்தான் பழுக்கும். மூக்கக் கொண்டு போயிப் பாக்கணும்."

வேண்மாள் பழைய ஏட்டை ஒதுக்கிவிட்டு இரண்டு திங்கள் காரைத் தொட்டியருகே அமர்ந்தாள். கேட்டதை மட்டுமன்றி, தன் கையால் செய்து பார்த்ததையும் எழுதினாள். வெயிற்காலத்து ஊறல் வேறு, குளிர்காலத்து ஊறல் வேறு. புளித்த கள்ளின் வாடை வந்தபின்பே அந்நீர் ஆகும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத காரையே பதமான காரை. கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். துணியால் ஒற்றி, வியர்வை நிற்கும் வரை தேய்க்க வேண்டும். அலுப்புத் தீரப் பாடுவது என்று கொத்தர் தள்ளிய பாட்டே இடிக்கும் பொழுதின் அளவென்று கண்டு, அதனையும் முழுதும் எழுதினாள். கொத்தர் மாறுபட்ட இடத்தில் அவரவர் சொல்லை அவரவர் பெயரின்கீழ் வைத்தாள். நாள்தோறும் எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டினாள். வேண்டாமென்றதை அவர்கள் கண்முன்னே அறுத்தெறிந்தாள். அவ்வேட்டின்படி பூசிய தொட்டியில் சித்திரையில் நீர் நிரப்பினோம். பூசிய சுவரில் ஒரு சொட்டும் கசியவில்லை.

நீரைத் திறந்துவிடும் மதகுவாய் மட்டும் பூசாமல் எஞ்சியது. எந்நாளும் நீருக்குள் கிடக்கும் அவ்விடத்திற்குக் காரை வேறு; பாட்டும் வேறு. அப்பாட்டைத் தொடங்கிய உலகம்மை பாதியில் நிறுத்திவிட்டாள். "எனக்குத் தெரியும் தாயே. ஆனா அது வயிரவன் வீட்டுச் சொத்து. அவரு குடுக்காம என் வாயிலேந்து வரக்கூடாது."

தங்கள் துறையில் கலங்கரை விளக்கம் எடுக்கும் தலைக்கொத்தர் வயிரவனே அவர், வேண்மாளின் கணவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நோயில் கிடந்த அவர் தந்தை பிதற்றிய தொழிற்சொற்களை, எவரையும் கேளாமல் இவள் எழுதி அரண்மனையில் சேர்ப்பித்தாள். அவ்வேட்டைக் கொண்டு அவர்கள் வேலையை வேறு கொத்தருக்குக் கொடுத்தது இவ்வரண்மனை. அப்பிழை நம்முடையதுமாகும். "எங்கப்பன் மூச்ச நீ மடிச்சுக் குடுத்துட்ட" என்ற ஒரு சொல்லோடு வயிரவன் ஊரை விட்டகன்றார்.

உலகம்மையை ஆணையிட்டுப் பாடச்செய்ய நமக்கு அதிகாரம் உண்டு. வேண்டாமென்று வேண்மாள் நம் காலில் விழுந்தாள். அப்பாட்டுக்குரிய ஏட்டை எழுதாமலே துளையிட்டுச் சுவடியில் கோத்தாள். மாலையில் காரை இடிக்கும் ஓசை ஓயும்போதெல்லாம், சுண்ணாம்பு அரித்த கணவர் கைக்கு எண்ணெய் எடுக்கத் தான் இன்றும் எழுந்துவிடுவதாகவும், எழுந்தபின்பே நினைவு வருவதாகவும் அன்று நம்மிடம் சொன்னாள். வேறொன்றும் கேட்டாளில்லை.

ஆகவே ஆணை. வயிரவனைத் தக்க மரியாதையோடு அழைத்து இருத்தி, அவர் தந்தைக்கு இவ்வரண்மனை இழைத்த பிழையை மாதேவியார் பெயரால் அவையறிய ஒப்புக. அன்று எழுதிய ஏட்டை இவ்வோலையோடு அனுப்பியுள்ளோம்; அதை அவர் கையிலேயே திருப்பித் தருக. பின் சுவடி முழுதும் அவருக்குப் படிக்கப்படுக. அவர் கேளாதவரை வேண்மாள் பேசலாகாது. மதகுவாய்ப் பாட்டை அவர் தந்தால், அவர் குலப்பெயரால் எழுதப்படுக. தர மறுத்தால், அவ்வேடு வெறுமையாகவே திரும்புக. மதகு கசிந்தாலும் அவரை எவரும் வற்புறுத்தலாகாது.

அவர் அவளைப் போ என்றால், காவலோடு அனுப்பி வைக்க. இரு என்றால், சுவடியை மட்டும் அனுப்புக. அரண்மனைக்கு வேறு எழுத்தரைத் தேடிக்கொள்வோம்.

இது மாதேவியார் திருமுன் படித்துக் காட்டி, குறிஞ்சிப்பூ முத்திரை இட்டது. இதன்படி நிற்க.