அழைப்பிதழ்ப் படத்தில் இடது கை

அட்சயா,

நேற்று நான் "அரைமண்டி காணாது" என்றதும் கதவை அடித்துச் சாத்தினாய். நியாயம்தான். காலையில் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அத்தான் நின்றபடி மேலிருந்து எடுத்திருக்கிறார். அதனால்தான் நீ முழங்காலை மடித்துப் போதிய அளவு தாழ இருக்காததுபோலத் தெரிகிறது. முழங்கால்கள் பக்கவாட்டில் நன்றாக விரிந்திருக்கின்றன, முதுகும் நேர். அதில் பிழையே இல்லை.

ஆனால் இடது கை பிழை. திரிபதாக முத்திரையில் பெருவிரலும் மோதிரவிரலும்தான் மடிய வேண்டும். உனக்குச் சின்னவிரலும் கூடவே மடிந்திருக்கிறது. முழங்கையும் தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. அரங்கேற்ற அழைப்பிதழில் இது வரக்கூடாது.

கமராவில் இப்போது போட்டிருக்கிற புது ரோலில் நாலு படம் மிச்சம். அத்தான் நாலு மணிக்கு வேலையால் வருவார். கமராவை உன் இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொல். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுத்தால் போதும்.

பிரிட்ஜில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

அக்கா

பி.கு: நேற்று உன் கால்களையே பார்த்துக் குறை சொன்னேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா போய் ஒன்பது மாதத்துக்குப் பிறகு, அவவின் சிரிப்பு அதில் அப்படியே இருந்தது. கையைத் திருத்து. முகத்தை மாற்றாதே.