இருபது பேரின் கையொப்பம்

கூர்,
13.10.1996

அன்பு மகன் டினேசுக்கு,

அம்மா நம்பும் ஆண்டவரின் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் சுஜானியும் பிள்ளையும் ரொறன்ரோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். சுகம் கேட்டு எழுதுவது முறை என்பதால் கேட்டுவிட்டேன், இனி என் கோபத்தைக் கேள். நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்தது. என் அறுபதாவது பிறந்த நாளுக்கு மலர் வெளியிடுகிறாய் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. நான் பழைய காலத்தில் இடதுசாரிக் கட்சிப் பத்திரிகைக்கு எழுதியதையெல்லாம் யார் யாரிடமோ தேடிப் பிடித்து அச்சுக்கோத்துப் பிரதி அனுப்பியிருக்கிறாய். ஆசையோடு செய்தாய் என்பது தெரியாமல் இல்லை. “பிள்ளை கஸ்ரப்பட்டுச் செய்திருக்கிறான், பேசிப்போடாதையுங்கோ” என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். ஆனால் முப்பத்தோராம் பக்கத்தில் ‘மொஸ்கோவில் மணியோசை’ என்ற கட்டுரையைக் கண்டதும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். போதாததற்கு உன் முன்னுரை வேறு. 1943இல் ஸ்டாலினே ஆயர்களைக் கூப்பிட்டுக் கோவில்களைத் திறந்துவிட்டார், சோவியத் அரசு மதத்துக்குப் பகை என்பது மேற்கு நாட்டுக்காரரின் கட்டுக்கதை, அதற்கு என் அப்பாவே கண்கண்ட சாட்சி என்று எழுதியிருக்கிறாய். யாரடா சாட்சி? என்ன கண்டேன் நான்?

நீ எழுதியதைத்தான் நானும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியச் சொன்னேன், அதனால் உன்னை விட என் மேல்தான் எனக்கு ஆத்திரம். 1943க்கு முன்னால் என்ன நடந்தது என்று நீ ஒரு வரி எழுதினாயா? 1918இலேயே சட்டம் போட்டுக் கோவில்களின் சொத்துகள் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டது. 1929இல் இன்னொரு சட்டம். அதன்படி வயது வந்த இருபது பேர் பெயரும் கையொப்பமும் கொடுத்துப் பதிந்தால்தான் கும்பிட ஒரு கட்டடம், அதுவும் இரவல். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கக் கூடாது, ஏழைக்கு உதவக் கூடாது. மணிகளை இறக்கி உருக்கினார்கள், கோவில்களைத் தானியக் களஞ்சியமாகவும் படம் போடும் மண்டபமாகவும் ஆக்கினார்கள். 1937, 38இல் குருக்களை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சுட்டார்கள். யுத்தம் வரும்போது அவ்வளவு பெரிய தேசத்தில் திறந்திருந்தவை சில நூறு கோவில்கள், பதவியில் விட்டுவைத்த ஆயர்கள் நான்கே பேர். பிறகு ஜெர்மன்காரன் உள்ளே வந்தான், வந்த இடமெல்லாம் சனம் கோவிலைத் திறந்தது. அரசு அடித்துக் கொன்ற அந்தத் திருச்சபையோ யுத்தம் தொடங்கிய அன்றே நாட்டைக் காக்கச் சொல்லி அறிக்கை விட்டது, யுத்தத் தாங்கி வாங்கக் காசு சேர்த்துக் கொடுத்தது. அப்போதுதான் ஸ்டாலினுக்கு ஞானம் பிறந்தது. மூன்று ஆயர்களை அழைத்தார், நான்கு நாளில் ஆயர் கூட்டம் கூடிச் சபைக்குத் தலைவரைத் தெரிவு செய்தது. கூடவே சபை விவகாரத்தைப் பார்க்க ஒரு அரச அலுவலகம் போட்டு, அதற்குத் தலைவராக இரகசியப் பொலிஸ் அதிகாரி ஒருவரையே இருத்தினார்கள். கோவில் திறக்கக் கேட்டு வந்த மனுக்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுபோயின. மேற்கு உக்ரேனில் நம்மைப் போல் பாப்பரசரை ஏற்ற கத்தோலிக்கருக்கு 1946இல் அந்தச் சுதந்திரமும் இல்லை, அவர்களை அரசு அனுமதித்த ஓர்த்தடொக்ஸ் சபைக்குள் பிடித்துத் தள்ளினார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார். குருஷேவ் காலத்தில் திரும்பவும் ஆயிரக்கணக்கில் பூட்டினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேட்பாய். இந்த ஜெர்மன் பேசும் ஊரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பிராவ் லிடியா, அதாவது திருமதி லிடியா, என்று ஒரு ரஷ்யப் பெண்மணி இருக்கிறார், எழுபத்தைந்து வயது. மகள் இங்கே ஒரு எஞ்சினியரைக் கட்டியதால் ஐந்து வருடத்துக்கு முன் வந்தவர். அங்கே பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் மொழி படிப்பித்தவர், அதனால் என் அரைகுறை ஜெர்மனும் அவருக்கு விளங்கும். போன மார்கழியில் அவருக்கு சூப் பருக்கிக்கொண்டு, உங்கள் நாட்டுக்கு நானும் வந்திருக்கிறேன் என்று பெருமையடித்தேன். கட்டுரையில் உள்ள கதையைத்தான் சொன்னேன். 1974இல் கூட்டுறவுச் சங்கத் தூதுக்குழுவில் போனோம், குழுவில் நான் ஒருவனே கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பாளர் எங்களைக் கோவிலுக்குக் கூட்டிப் போனார், உள்ளே கால் வைக்க இடமில்லை. மற்றக் கோவில்கள் பூட்டியிருந்தால் இருக்கிற ஒன்றில் சனம் நெரியாமல் என்ன செய்யும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. வெளியே வரும்போது ஒரு கிழவி மடித்த தாள் ஒன்றை என் கைக்குள் வைத்து அழுத்தினாள். மடுமாதா கோவிலில் சனம் வேண்டுதல் எழுதிக் கொடுக்கிறதே, அப்படி என்றுதான் நினைத்தேன். விரித்துப் பார்த்தேன், ரஷ்ய எழுத்து, வரிசையாக இலக்கமிட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏதோ எழுதி ஒரு கையொப்பம். குருவானவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார், சிரித்தார், கோட்டின் உட்பையில் வைத்தார்.

பிராவ் லிடியா கரண்டியைத் தள்ளிவிட்டார். எத்தனை பெயர் என்று கேட்டார். இருபது என்றேன், கடைசி இலக்கம் மட்டும் மறக்கவில்லை. விலாசம் இருந்ததா என்றார். பெயருக்கு எதிரே எழுதியிருந்தது அதுவாகத்தான் இருக்கும் என்றேன். பிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய ஊர்க் கோவிலை 1930இல் பூட்டித் தானியம் கொட்டினார்கள். குருவானவரை 1937இல் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. யுத்தத்துக்குப் பிறகு பெண்கள் மனுவுக்கு மேல் மனு எழுதி 1946இல் திறப்பித்தார்கள். 1961இல் கூரை பழுது என்று சொல்லி மறுபடி பூட்டினார்கள். திருத்த இவர்கள் ஆயத்தம், அனுமதி இல்லை. அடுத்த வருடம் இருபது பேர் கையெழுத்து வைத்தார்கள், இவர் பதினொன்றாவது. ஒவ்வொருவராக வேலைத்தலத்தில் கூப்பிட்டுக் கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொன்னார்களாம். ஒருவர் விலகினாலும் பத்தொன்பது, மனு செல்லாது. கடவுளை நம்புகிறவள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கூடாது என்று இவரைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள், புருஷனுக்கு வர இருந்த வீடு வேறு ஆளுக்குப் போனது. “உங்களிட்டத் தந்தது வேண்டுதல் இல்லை, வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லச் சொல்லித் தந்தது, வெளிநாட்டாரோடு வாற மொழிபெயர்ப்பாளர் இரகசியப் பொலிசுக்கு அறிக்கை குடுக்கிற ஆள்” என்றார். அதன் பிறகு ஒரு மாதம் என் கையால் சாப்பிடவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது உன் மலரின் முப்பத்துமூன்றாம் பக்கத்தைப் பார். ‘அந்த மூதாட்டியின் வேண்டுதலை மொழிபெயர்ப்பாளத் தோழர் அன்போடு வாங்கிக்கொண்டார், இதைவிடச் சமயச் சுதந்திரத்துக்கு வேறென்ன சான்று’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இருபது வீட்டு விலாசத்தைப் பொலிசிடம் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பத்திரிகையிலும் போட்ட மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதற்குப் பொன்னாடை வேறு போர்த்தப் போகிறாயா? அந்தக் கட்டுரையை எடு, முன்னுரையைக் கிழித்துப் போடு. அச்சாகிவிட்டது, செலவாகிவிட்டது என்று கதை சொல்லாதே. மலர் வந்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு, ஒரு எழுத்தும் மாற்றாமல். ரொறன்ரோவில் உன் சங்கத்து ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மற்றும்படி, அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளையைக் காது மூடாமல் வெளியே கொண்டுபோகாதே. சுஜானியை இரண்டு வேலைக்குப் போக விடாதே. உன் குடும்பம் குறைவில்லாமல் வாழ மாதா துணையிருக்கட்டும், இதை அம்மா எழுதச் சொன்னாள், நானும் சேர்ந்துதான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்த அன்றே அச்சகத்துக்குப் போ, மறக்காதே.

இன்னொன்று. நேற்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பங்குக் கோவிலுக்குப் போனாள், அந்த இருபது பேருக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க. குருவானவர் புத்தகத்தைத் திறந்து பெயர்களைக் கேட்டார். தெரியாது என்றேன். சரி, உயிரோடு இருப்பவர்களுக்கா, இறந்தவர்களுக்கா என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. அந்தோனிதாஸ்